ரத்தம் நீர்த்ததா, இரும்பு தீர்ந்ததா?

"என் மனைவிக்கு 28 வாரம். கல்யாணம் ஆன புதிதில் எடுத்த டெஸ்டில் ஹீமோகுளோபின் 12 இருந்தது, போன வாரம் 9.8. சேலத்தில் பார்க்கும் டாக்டர் 'கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போகும், பயப்படாதீங்க' என்கிறார். நாங்கள் இருப்பது ஏற்காட்டில். இங்கே வரும் நர்ஸம்மா 'இது ரத்தசோகை, மாத்திரை ரெண்டு போடுங்க' என்கிறார். யார் சொல்வது சரி? நன்றாகச் சாப்பிடுகிறவளுக்கு ஏன் இப்படி? ரிப்போர்ட்டில் எம்சிவி 74 என்றும் போட்டிருக்கிறது."

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் உங்கள் மனைவியின் விஷயத்தில் நர்ஸம்மா சொன்னதைச் செய்யுங்கள். சேலத்திலும் மலையிலுமாகப் பல வருஷம் கர்ப்பிணிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் இறங்குவதற்கு இரண்டு காரணங்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. ஒன்று இயல்பானது, இன்னொன்று குறைபாடு. ரிப்போர்ட்டில் வருவதோ ஒரே ஒரு எண். அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியும்.

முதலில் நீர்ப்பு. ரத்தம் என்பது பிளாஸ்மா என்கிற திரவமும் அதில் மிதக்கும் அணுக்களும். கருத்தரித்து 6 வாரம் ஆகும்போதே பிளாஸ்மா கூட ஆரம்பித்துவிடும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. உடம்பு அதை ரத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, சிறுநீரகம் வழியாக உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் இதற்குத் துணை. 32 வாரம் வரை ஏறிக்கொண்டே போய், கடைசியில் பழைய அளவைவிட 40 முதல் 50 சதவீதம் கூடி நிற்கும். சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் மெதுவாக. இரும்பு போதுமான அளவு கிடைத்தால் 25 அல்லது 30 சதவீதம் வரை, கிடைக்காவிட்டால் 15 முதல் 20 சதவீதம். திரவம் வேகமாகவும் அணுக்கள் மெதுவாகவும் பெருகுவதால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் குறைந்து தெரிகிறது. உடம்பில் உள்ள மொத்த ஹீமோகுளோபின் உண்மையில் கூடித்தான் இருக்கும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நம் பக்கத்தில் 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏறத்தாழ 3 லிட்டர். அதில் பிளாஸ்மா 1.9 லிட்டர், சிவப்பணுக்கள் 1.1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 12 என்றால் 100 மில்லி ரத்தத்துக்கு 12 கிராம், 3 லிட்டருக்கு மொத்தம் 360 கிராம். இனி பிளாஸ்மாவை 45 சதவீதமும் சிவப்பணுக்களை 25 சதவீதமும் கூட்டுங்கள். பிளாஸ்மா 2.75 லிட்டர், அணுக்கள் 1.38 லிட்டர், மொத்தம் 4.13 லிட்டர். ஹீமோகுளோபின் 450 கிராம். அதை 4.13 லிட்டருக்குப் பங்கிட்டால் 100 மில்லிக்கு 10.9. அதாவது ஒரு குறையும் இல்லாத, இரும்பு நிறைவாக உள்ள பெண்ணுக்கே 12 என்பது 10.9 ஆகிவிடும். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது இதனால்தான். மற்ற பெண்களுக்கு அந்தக் கோடு 12.

உங்கள் டாக்டர் 'பயப்படாதீங்க' என்று சொன்னதில் நியாயம் உண்டு. இந்த நீர்ப்பு ஒரு நோய் இல்லை, தேவையான ஏற்பாடு. பிரசவம் நெருங்கும்போது கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடியாக வேண்டும். கெட்டி குறைந்த ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் எளிதாகப் பாயும். பிரசவத்தில் அரை லிட்டர் போனாலும் தாய் தாங்குவது இந்தக் கூடுதல் கையிருப்பால்தான். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கடைசி மாதங்களில் ஹீமோகுளோபின் 13-க்கு மேலேயே நின்றால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், எங்களுக்கோ சந்தேகம் வரும். பிளாஸ்மா சரியாகப் பெருகவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடம் ரத்தக்கொதிப்பும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதனால் கொஞ்சம் இறங்குவது நல்லதுதான்.

சரி, நீர்ப்பு மட்டும் என்றால் 12 என்பது 10.9-ல் நிற்க வேண்டும். உங்கள் மனைவிக்கு 9.8. பிளாஸ்மா உச்சத்துக்குப் போக இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே ஒரு கிராமுக்கு மேல் கூடுதலாக இறங்கியிருக்கிறது. அந்த ஒரு கிராமை நீர்ப்பின் கணக்கில் எழுத முடியாது.

அது இரும்பு என்பதற்கு நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய 74-தான் சாட்சி. எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் அணுக்கள் தள்ளித் தள்ளி நிற்கும், ஆனால் ஒவ்வொரு அணுவும் தன் அளவில் அப்படியே இருக்கும். கர்ப்பத்தில் சொல்லப்போனால் சற்றுப் பெரிதாகவே ஆகும். அணுவே சிறுத்துப்போகிறது என்றால், உள்ளே நிரப்ப ஹீமோகுளோபின் போதவில்லை என்று அர்த்தம். அதே ரிப்போர்ட்டில் ஆர்டிடபிள்யூ என்று ஒரு வரி இருக்கும், அணுக்கள் அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அது காட்டும், எடுத்துப் பாருங்கள். 15-க்கு மேல் இருந்தால் இரும்புக் குறை என்ற சந்தேகம் இன்னும் பலமாகும். உறுதிப்படுத்த ஃபெரிட்டின் என்று ஒரு டெஸ்ட் உண்டு, சேமிப்பில் உள்ள இரும்பை அது காட்டும். கர்ப்பத்தில் 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும், 15-க்குக் கீழே என்றால் காலி என்றும் எடுத்துக்கொள்வோம். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் அந்தச் சமயத்தில் எடுக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். எம்சிவி குறைவாகவும் ஃபெரிட்டின் நன்றாகவும் இருந்தால், அது பரம்பரையாக வரும் தலசீமியா கூறாக இருக்கலாம். அப்போது எத்தனை மாத்திரை போட்டாலும் எம்சிவி ஏறாது. எச்பிஎல்சி என்ற டெஸ்டில் அது தெரிந்துவிடும். மனைவிக்கு அது இருப்பதாக வந்தால் கணவரும் எடுத்துப் பார்ப்பது அவசியம். இருவருக்கும் இருந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து.

இப்போது 'நன்றாகச் சாப்பிடுகிறவளுக்கு ஏன்' என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கில் ஹீமோகுளோபின் 360 கிராமிலிருந்து 450 ஆனது. அந்த 90 கிராமைச் செய்ய இரும்பு வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு, ஆக ஏறத்தாழ 300 மில்லிகிராம். குழந்தையும் நஞ்சுக்கொடியும் எடுத்துக்கொள்வது இன்னொரு 300. தோல், குடல் வழியாக எல்லோருக்கும் தினமும் கொஞ்சம் போகும், பத்து மாதத்துக்கு அது 200-க்கு மேல். மொத்தம் 800-ஐத் தாண்டுகிறது. பாடப்புத்தகத்தில் 1,000 மில்லிகிராம் என்று இருக்கும், அது உடல்வாகு பெரிய பெண்களுக்கான கணக்கு. மாதவிலக்கு நிற்பதால் 150 அளவுக்கு மிச்சமாவது உண்மை, ஆனால் அது இந்தச் செலவுக்கு எந்த மூலைக்கு?

மொத்தச் செலவைவிடப் பெரிய பிரச்சினை, அது வரும் நேரம். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம்கூடத் தேவைப்படாது. நடு மாதங்களில் 4 ஆகும், கடைசி மூன்று மாதத்தில் 6-க்கும் மேலே போகும். பிளாஸ்மாவும் சிவப்பணுவும் குழந்தையும் சேர்ந்து வேகம் பிடிப்பது 20 வாரத்துக்குப் பிறகுதான். அதனால்தான் மூன்றாம் மாதத்தில் 'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட் ஏழாம் மாதத்தில் இப்படி வருகிறது. மூன்றாம் மாதத்து 11.5-ஐ நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்ட எத்தனையோ பேர் எட்டாம் மாதம் வெளிறிப்போய் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வரவு எவ்வளவு? சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் ராகி என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டால் 15 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகலாம். ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பில் 5 முதல் 10 சதவீதம்தான் குடலில் ஏறும். அதாவது ஒரு மில்லிகிராம், கொஞ்சம் கூட. கர்ப்பத்தில் குடல் தானாகவே கூடுதலாக உறிஞ்சும். இரும்பைத் தடுத்து நிறுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அப்போது குறைந்துவிடுவதுதான் காரணம். உறிஞ்சுவது இரண்டு மடங்கானாலும் இரண்டரை மில்லிகிராம்தான் வரும். தேவை 5, 6. அந்த இடைவெளி ஐந்து மாதத்துக்குத் தினமும் விழுந்தால் 450 மில்லிகிராம். அதைச் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நம் பெண்களிடம் அந்தச் சேமிப்புதான் இல்லை. 300 முதல் 500 மில்லிகிராம் வரை கையிருப்போடு கர்ப்பத்துக்குள் வந்தால் மாத்திரை இல்லாமலே ஓரளவு சமாளிக்கலாம். பெரும்பாலோர் வருவது ஏறத்தாழக் காலிக் கையோடு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் ரத்தம் போகிறது, அதை ஈடுகட்டும் சாப்பாடு இல்லை. முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் ஒன்றரை வருஷம்தான் இடைவெளி என்றால் நிரம்பவும் நேரமில்லை. 12 என்ற எண் இதைக் காட்டாது. சேமிப்பு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். உங்கள் மனைவிக்கும் அந்த 12-க்குப் பின்னால் சேமிப்பு காலியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் என்பதால் அந்த எண் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று ஒரு விவாதம் உண்டு. கொஞ்சம் குறைத்து வைத்தாலும் நிலைமை மாறப்போவதில்லை.

நீங்கள் ஏற்காட்டில் இருப்பதால் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே. அந்த உயரத்தில் குடியிருப்பவர்களுக்கு உடம்பு தானாகவே கொஞ்சம் கூடுதல் ஹீமோகுளோபின் செய்துகொள்ளும். அதனால் எண்ணிலிருந்து அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கழித்துத்தான் படிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில் பழைய அட்டவணையும் புதியதும் வேறுபடுகின்றன, கழிக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. உங்கள் மனைவியின் 9.8 கீழே சேலத்தில் குடியிருக்கும் ஒருத்திக்கு 9-ஐ ஒட்டிய எண்ணுக்குச் சமம். ரத்தத்தைச் சேலத்து லேபில் கொடுத்தாலும் இதே கணக்குதான், அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது கொக்கிப்புழு. காபித் தோட்டத்து நிழலில் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண் அதற்குப் பிடித்த இடம், செருப்பில்லாத காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். நம் பக்கத்தில் அதிகம் காணும் வகையில் நூறு புழு இருந்தால் ஒரு நாளைக்கு 3 மில்லிலிட்டர் ரத்தம், அதாவது ஒரு மில்லிகிராம் வரை இரும்பு போகும். சாப்பாட்டில் ஏறிய மொத்தமும் அதற்கே சரியாகிவிடும். நான்காம் மாதத்துக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை கொடுப்பது இதற்குத்தான். உங்கள் மனைவி போட்டாரா என்று நர்ஸம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை இல்லாதவருக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, இருப்பவருக்கு இரண்டு. நர்ஸம்மா இரண்டு என்றது இந்த முறைப்படிதான். கணக்குப்படி பார்த்தால், ஒரு கிராம் குறை என்பது 4 லிட்டர் ரத்தத்துக்கு 40 கிராம் ஹீமோகுளோபின், அதாவது 136 மில்லிகிராம் இரும்பு. இரண்டு மாத்திரையில் 120 உள்ளே போகிறது, பத்தில் ஒரு பங்கு ஏறினால் 12. அன்றாடத் தேவைக்கு 5, 6 போக மீதி குறையை அடைக்கப் போகும். ஒரு மாதத்தில் ஒரு கிராம் ஏறும் என்று நாங்கள் சொல்வது இப்படித்தான் வருகிறது. பிளாஸ்மாவும் இன்னும் கூடிக்கொண்டிருப்பதால், 28 வாரத்துக்கும் 32 வாரத்துக்கும் நடுவில் எண் மெதுவாக ஏறினாலும் மனம் தளர வேண்டாம். எம்சிவி ஏறுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

மாத்திரை வேலை செய்யாததற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் மிகச் சாதாரணமானது. ராத்திரி சாப்பிட்டதும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் ஒரே கையில் வைத்து, ஒரே வாயில் போட்டு, காபியோ பாலோ குடித்துவிட்டுப் படுப்பார்கள். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காபி, டீயில் உள்ள பொருள்களும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வரக்காப்பியானாலும் அதேதான். கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில், முடிந்தால் எலுமிச்சைச் சாறோ மலை ஆரஞ்சு நாலு சுளையோ சேர்த்து. காபி வேண்டுமென்றால் மாத்திரைக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி. இரண்டு மாத்திரையும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் மாத்திரை போடுகிறாரா என்பதை நான் கண்டுபிடிப்பது மலத்தின் நிறத்தைக் கேட்டுத்தான். கறுப்பாகப் போக வேண்டும். 'எப்பவும் போலத்தான் டாக்டர்' என்று சொன்னால் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் நன்றாக ஏறும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல கர்ப்பமில்லாத பெண்களிடம் நடந்தவை, 28 வாரத்தில் நேரத்தை விட்டுவிட முடியாது, ஆகவே உங்கள் மனைவிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டைப் பொறுத்தவரை, பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டுச் சுவரொட்டி நிஜமாகவே நல்லது. அதில் இரும்பும் அதிகம், கீரையில் இருப்பதைவிடப் பல மடங்கு எளிதாக ஏறும். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஆனால் இப்போதுள்ள குறையைச் சாப்பாட்டால் மட்டும் 12 வாரத்தில் அடைக்க முடியாது.

மனைவியை நேரில் பார்க்காமல் சொல்வதால் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் ஒரு கிராம் ஏறவில்லை என்றால், அல்லது 34 வாரத்தைத் தாண்டியும் 10-க்குக் கீழே இருந்தால், ஊசி வழியாக இரும்பு ஏற்றுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகச் சில தடவை போக வேண்டியிருக்கும், மலையிலிருந்து இறங்கி ஏறுகிறவர்களுக்கு அது சிரமம். ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றும் மருந்தும் உண்டு, கேளுங்கள். 7-க்குக் கீழே போனாலோ, எந்த எண்ணாக இருந்தாலும் படுத்தால் மூச்சு வாங்குவது, படபடப்பு, கால் வீங்குவது என்று இருந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். பிரசவத்துக்கு ரத்த வங்கி உள்ள இடத்தையே பாருங்கள்.

குழந்தை பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கூடியிருந்த பிளாஸ்மா சில வாரங்களில் சிறுநீராகப் போய்விடும், எண் தானாகவே ஏறிக் காட்டும். சேமிப்பு அப்போதும் காலியாகத்தான் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒரு மாத்திரை என்று அரசுத் திட்டத்தில் வைத்திருப்பது அதை நிரப்பத்தான்.